மாடல் சப்மரீனுக்கு பேலஸ்ட் டேங்க்: எவ்வளவு தண்ணி, எங்க வைக்கணும், எப்படி ட்ரிம் பண்ணணும் - முழுமையான வழிகாட்டி

முதல் தடவையா ரேடியோ கண்ட்ரோல் சப்மரீன் கட்டுற எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேக்குறாங்க, டேங்க் எவ்வளவு பெருசா இருக்கணும்னு. பாதிப் பேர் படகோட மொத்த எடைய வச்சு கணக்கு போடுறாங்க, மீதிப் பேர் எவ்வளவு ஆழம் போகணுமோ அவ்வளவு பெரிய டேங்க் வேணும்னு நினைக்கிறாங்க. ரெண்டுமே தப்பு. ஆழத்துக்கும் டேங்க் சைஸுக்கும் நேரடி சம்பந்தம் கிடையாது. படகு மேல மிதக்கும்போது தண்ணிக்கு வெளிய எவ்வளவு கன அளவு தெரியுதோ அதுக்கு சமமான தண்ணிய உள்ள எடுத்தா போதும், படகு முழுகிடும். அவ்வளவுதான் டேங்க்கோட வேலை.

இது ஏன்னு பொறுமையா யோசிங்க. மேல மிதக்குற படகு தன்னோட எடைக்கு சமமான தண்ணிய ஏற்கனவே விலக்கிட்டுத்தான் நிக்குது. இப்ப அதை முழுகடிக்கணும்னா வெளிய நிக்கிற மேல்தோடு, நடுவுல நிக்கிற கோபுரம், பெரிஸ்கோப் எல்லாம் தண்ணிக்குள்ள போகணும், அதெல்லாம் போகும்போது கூடுதலா கொஞ்சம் தண்ணிய விலக்கும், அந்தக் கூடுதல் மிதப்பு விசைய ஈடு கட்ட எடை வேணும், அந்த எடைதான் டேங்க்ல எடுக்குற தண்ணி. நிஜ சப்மரீன்லயும் இதே கணக்குதான், மெயின் பேலஸ்ட் டேங்க் எல்லாத்தோட கொள்ளளவும் சேர்ந்து, மேல மிதக்கும்போது வாட்டர்லைனுக்கு மேல நிக்கிற, தண்ணி புகாத பாகத்தோட கன அளவுக்கு சமமா வரும்.

நிஜ சப்மரீன்ல ரெண்டு வகை டேங்க் உண்டு. மெயின் பேலஸ்ட் டேங்க்குக்கு அடியில ஓட்டை எப்பவும் திறந்தே இருக்கும், மேல வெண்ட் வால்வு இருக்கும், முழுகணும்னா வெண்ட்ட திறப்பாங்க, உள்ள இருக்குற காத்து மேல வழியா வெளிய போகும், தண்ணி அடியில இருந்து ஏறும். இந்த டேங்க் ஒண்ணு முழுசா நிறைஞ்சிருக்கும் இல்ல முழுசா காலியா இருக்கும், பாதியில நிறுத்தி வைக்கிற பழக்கம் இல்லை. ரெண்டாவது ட்ரிம் டேங்க், இதுல பம்ப் வச்சு கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி இறக்கி, எரிபொருள் தீர்ந்தது, சாப்பாட்டு சாமான் குறைஞ்சது, கடல் தண்ணி அடர்த்தி மாறினது எல்லாத்தையும் சரி கட்டுவாங்க. நம்ம மாடல்ல ஒரே டேங்க் ரெண்டு வேலையையும் பாக்கணும், அதனாலதான் நான் எல்லாருக்கும் பிஸ்டன் டேங்க்க சொல்றேன். பெரிய ஊசி சிரிஞ்ச் மாதிரிதான் அது, மோட்டார் பிஸ்டன இழுத்தா தண்ணி உள்ள வரும், தள்ளினா வெளிய போகும், எந்த அளவுல வேணும்னாலும் நிறுத்தலாம். இந்தப் பதிவு முழுக்க அதை வச்சுத்தான்.

எடுத்துக்கிட்ட படகு இது: ஃபைபர்கிளாஸ் தோடு, தோட்டுக்குள்ள தண்ணி தாராளமா வந்து போகும், நடுவுல ஒரு வாட்டர்டைட் சிலிண்டர், வெளி விட்டம் 9 செ.மீ., நீளம் 40 செ.மீ., பேட்டரி ரிசீவர் மோட்டார் டேங்க் எல்லாம் அந்த சிலிண்டருக்குள்ள.

படி 1: மேல நிக்கிற பாகத்தை தண்ணிக்குள்ள தொங்கவிட்டு எடை போடுங்க

வாட்டர்லைன் எங்க வரணும்னு முடிவு பண்ணி தோட்டை சுத்தி டேப் ஒட்டிக்கோங்க. நிறைய மாடல்ல தோடு மேல் கீழ்னு ரெண்டு துண்டா அந்தக் கோட்டுலயே பிரியும், அப்படி இருந்தா வேலை ரொம்ப சுலபம். மேல்தோடு, கோபுரம், பெரிஸ்கோப், டெக்ல ஒட்டுற சின்னச் சின்ன சாமான், அந்தக் கோட்டுக்கு மேல வர்ற எதையும் விடாம ஒண்ணா நூல்ல கட்டி, மீன் எடை போடுற மாதிரி ஒரு தொங்கு தராசுல மாட்டி வெறும் காத்துல எடை பாருங்க. அப்புறம் அதே தராசுல தொங்குற மாதிரியே ஒரு தொட்டித் தண்ணிக்குள்ள முழுசா இறக்குங்க, தொட்டியோட அடியையும் பக்கத்தையும் தொடக்கூடாது. தண்ணில ரெண்டு சொட்டு சோப் விட்டா தோட்டுல ஒட்டுற குமிழி எல்லாம் வழுக்கி மேல போயிடும், இல்லைன்னா குமிழியோட கன அளவும் சேர்ந்து வந்து கணக்கு கெட்டுடும்.

நம்ம படகுல காத்துல 410 கிராம், தண்ணிக்குள்ள 150 கிராம். வித்தியாசம் 260 கிராம். அப்படின்னா அந்தத் துண்டுகளோட நிஜ கன அளவு 260 மில்லி, அதை முழுகடிக்க 260 மில்லி தண்ணி வேணும். மேல்தோட்டுக்கு அடியில இருக்குற காலி இடத்தை யாரும் கணக்குல சேத்துடாதீங்க, அங்க தண்ணி தானா புகுந்துடும், பொருளோட கன அளவு மட்டும்தான் கணக்கு. இந்த ஒரு இடத்துல குழம்பித்தான் நிறையப் பேர் ரெண்டு லிட்டர் டேங்க் வைக்கப் பாக்குறாங்க.

இதுல ஒரு நிபந்தனை இருக்கு. சிலிண்டர் முழுசா வாட்டர்லைனுக்கு கீழ உட்காரணும். சிலிண்டர்ல ஒரு பகுதி கோட்டுக்கு மேல வந்தா அந்தப் பகுதியோட கன அளவு மொத்தமும் டேங்க் கணக்குல ஏறிடும், 9 செ.மீ. சிலிண்டர் ஒரு செ.மீ. மேல துருத்தினாலே டேங்க் இன்னும் 150 மில்லிக்கு மேல வளந்துடும். அதனால தோட்டுக்குள்ள சிலிண்டர எவ்வளவு கீழ இறக்க முடியுமோ இறக்குங்க, ஆனா அதுக்கு அடியில ஈயம் வைக்க இடம் மட்டும் விட்டு வைங்க.

படி 2: பிஸ்டன் அளவு

260 மில்லி வேணும், ஆனா மிகச்சரியா 260க்கு கட்டாதீங்க, ஒரு ஆறுல ஒரு பங்கு கூட வச்சுக்கோங்க. உள் விட்டம் 60 மி.மீ. இருக்குற அக்ரிலிக் குழாய் எடுத்தா ஒவ்வொரு செ.மீ. நகர்வுக்கும் 28 மில்லிக்கு கொஞ்சம் மேல பிடிக்கும், 11 செ.மீ. ஸ்ட்ரோக் வச்சா 311 மில்லி. முழுகுறதுக்கு பிஸ்டன் 9.2 செ.மீ. நகந்தா போதும், மீதி கையிருப்பு.

பிஸ்டன நகத்த எம்6 த்ரெட் ராட் போதும், ஒரு சுத்துக்கு 1 மி.மீ. நகரும், அப்ப 92 சுத்து. நிமிஷத்துக்கு 300 சுத்து சுத்துற கியர் மோட்டார் மாட்டினா 18 செகண்ட்ல படகு முழுகும். இதவிட வேகமா வேணும்னு ஆசைப்படாதீங்க, மெதுவா இறங்குற சப்மரீன்தான் பாக்கவும் அழகு, நடுவுல தப்பு தெரிஞ்சா நிறுத்தவும் நேரம் கிடைக்கும்.

மோட்டாருக்கு எவ்வளவு பலம் வேணும்ங்கறதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். 3 மீட்டர் ஆழத்துல தண்ணி அழுத்தம் கூடுதலா 0.3 பார், 60 மி.மீ. பிஸ்டன் மேல அது கிட்டத்தட்ட 8.5 கிலோ எடை அழுத்துற மாதிரி. அதை எதுத்து பிஸ்டன கடைசி வரைக்கும் தள்ளினாத்தான் படகு மேல வரும். கூடவே தண்ணி கசியாம இருக்க பிஸ்டன சுத்தி மாட்டுற ரெண்டு ரப்பர் ஓ-ரிங்கோட உராய்வும் இருக்கு. அதனால மோட்டார ஒரு மரக்கட்டைல மாட்டி, த்ரெட் ராட்ல 15 கிலோ வாளித் தண்ணிய தொங்கவிட்டு தூக்குதான்னு வெளியவே பாத்துடுங்க. தூக்கலைன்னா கியர மாத்துங்க.

தண்ணி வர்ற குழாய் வாய் தோட்டோட அடிப்பக்கம் திறக்கணும். பக்கவாட்டுல வச்சா மேல மிதக்கும்போது அலை ஆடி காத்த உறிஞ்சிடும், அப்புறம் டேங்க் நிறைஞ்ச மாதிரி பிஸ்டன் கடைசிக்குப் போயிருக்கும், ஆனா படகு முழுகாது. வாய்ல ஒரு சின்ன சல்லடை கட்டாயம், ஒரு சின்ன இலைத் துணுக்கு ஓ-ரிங்ல மாட்டினா போதும், கசிவு ஆரம்பிச்சுடும்.

படி 3: டேங்க் எங்க உட்காரணும்

இதை நிறையப் பேர் இடம் கிடைச்ச பக்கம் வச்சுட்டு அப்புறம் ஈயத்தாலயே சரி பண்ணப் பாக்குறாங்க, முடியாது. மேல மிதக்கும்போது ஈயம் வச்சு நேரா நிக்க வச்சீங்கன்னா முழுகும்போது மூக்கு கவுந்துடும், முழுகினப்ப நேரா நிக்க வச்சா மேல வரும்போது வால் தூக்கும். காரணம், முழுகும்போது புதுசா வர்ற மிதப்பு விசை மேல்தோட்டோட மையத்துல வேலை செய்யுது, புதுசா வர்ற எடை டேங்க் தண்ணியோட மையத்துல வேலை செய்யுது, இந்த ரெண்டு மையமும் ஒண்ணுக்கு நேர் கீழ ஒண்ணு இருக்கணும்.

மேல்தோட்டோட மையத்த கண்டுபிடிக்க, கோபுரத்தோட சேத்து அதை ஒரு ஸ்கேலோட விளிம்புல குறுக்கா வச்சு, எந்த இடத்துல சாயாம நிக்குதுன்னு பாத்து பென்சில்ல கோடு போடுங்க. எல்லாம் ஒரே பொருள்ல இருந்தா எடையோட மையமும் கன அளவோட மையமும் ஒண்ணுதான். டேங்க்கோட தண்ணி மையம் அந்தக் கோட்டுக்கு நேர் கீழ வரணும். தண்ணி மையம்னா டேங்க் குழாயோட நடு இல்லை, 260 மில்லி நிறைஞ்சிருக்கும்போது தண்ணி நிக்கிற 9.2 செ.மீ. நீளத்தோட நடு, அதாவது தண்ணி வர்ற முனையில இருந்து 4.6 செ.மீ.

இது 3 செ.மீ. தள்ளிப் போனா என்ன ஆகும்னு பாப்போம். 260 கிராம் எடை 3 செ.மீ. தள்ளி நிக்குது, 780 கிராம்-செ.மீ. முறுக்கு. முழுகின படகு கிட்டத்தட்ட 3.26 கிலோ, அதோட எடை மையம் மிதப்பு மையத்துக்கு 1 செ.மீ. கீழ இருக்குன்னு வச்சுக்கோங்க. 780ஐ 3260ஆல வகுத்தா 0.24, அது ஒரு 13 டிகிரி சாய்வு. 13 டிகிரி மூக்கு கவுந்த சப்மரீன ஓட்ட முடியாது, முன்னாடி ஓட்டினா நேரா தரைக்குத்தான் போகும்.

இன்னொரு சின்ன விஷயம், பிஸ்டன் டேங்க்ல தண்ணி குழாய் வாய் இருக்குற முனையில இருந்துதான் நிறைய ஆரம்பிக்கும். அந்த முனைய முன்பக்கம் வச்சா பாதி நிறைஞ்சப்ப மூக்கு லேசா இறங்கும், முழுசா நிறைஞ்சதும் நேராயிடும். எனக்கு இது பிடிக்கும், நிஜ சப்மரீன் இறங்குற மாதிரியே இருக்கும்.

படி 4: சிலிண்டருக்குள்ள இருக்குற காத்து

இதுதான் இந்த வழிகாட்டில நான் ரொம்ப நேரம் நிக்கப் போற இடம், ஏன்னா என்னோட ரெண்டாவது படகு இதனாலதான் போச்சு.

பிஸ்டன் பின்னாடி நகரும்போது சிலிண்டருக்குள்ள இருக்குற காத்துக்கு இடம் குறையுது. உள்ள பேட்டரி சர்க்யூட் எல்லாம் போக 1200 மில்லி காத்து இருக்குன்னு வைங்க, 260 மில்லி தண்ணி உள்ள வந்தா காத்து 940 மில்லிக்குள்ள நெருக்கப்படும், உள்ளழுத்தம் வெளிய இருக்குற காத்த விட 0.28 பார் கூடிடும். இதுல ஒரு நல்லதும் இருக்கு, ஒரு கெட்டதும் இருக்கு.

நல்லது என்னன்னா 2.8 மீட்டர் ஆழத்த தாண்டாம நீங்க எங்க ஓட்டினாலும் உள்ளழுத்தம்தான் ஜாஸ்தி, சீல் எங்கயாவது விட்டிருந்தா தண்ணி உள்ள வராது, காத்துதான் வெளிய போகும், குமிழி வரிசையா மேல வர்றத கரையில நின்னே பாக்கலாம். கெட்டது அடுத்ததா வரும். அப்படி 50 மில்லி காத்து வெளிய போயிடுச்சுன்னு வைங்க, நீங்க டேங்க காலி பண்ணி மேல வர்றீங்க, இப்ப பழைய 1200 மில்லி இடத்துல 1150 மில்லி காத்துதான் இருக்கு, உள்ள அழுத்தம் வெளிய விட குறைவு, அதே ஓட்டை வழியா இப்ப தண்ணிய உறிஞ்ச ஆரம்பிக்கும், போன காத்து எவ்வளவோ கிட்டத்தட்ட அவ்வளவு தண்ணி உள்ள வரும்.

எனக்கு நடந்தது இதேதான். ஒரு குளத்துல அன்னிக்கு ஏழெட்டு தடவை முழுகி எழுந்தது, ஒவ்வொரு தடவையும் டெக் கொஞ்சம் கொஞ்சமா தாழ்வா நின்னுச்சு, நான் பேட்டரி இறங்குது அதான் பிஸ்டன் முழுசா தள்ளலைன்னு நினைச்சுக்கிட்டேன். கடைசித் தடவை கோபுரத்தோட நுனி மட்டும் எட்டிப் பாத்துட்டு அப்படியே பின்பக்கமா சாஞ்சு போயிடுச்சு. மறுநாள் வலை போட்டு எடுத்துத் திறந்தா உள்ள தண்ணி நிறைஞ்சு சர்க்யூட் எல்லாம் பச்சை பூத்துக் கெடந்துச்சு. தப்பு ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் சீல்ல ஒரு முடி அளவு கீறல். அதனால சொல்றேன், மேல மிதக்கும்போது வாட்டர்லைன் எங்க நிக்குதுன்னு ஒவ்வொரு டைவுக்கு அப்புறமும் பாருங்க, முதல் தடவைய விட 3, 4 மி.மீ. தாழ்ந்தாலே படக வெளிய எடுத்துத் திறந்து துடைச்சுப் பாருங்க.

இதை வீட்டுலயே சோதிக்க தனி கருவி எதுவும் வேணாம். சிலிண்டர மூடிட்டு டேங்க் குழாய தண்ணில விட்டு பிஸ்டன முழுசா இழுங்க, 0.28 பாருக்கும் கொஞ்சம் மேலயே தானா ஏறிடும், அப்படியே சிலிண்டர ரெண்டு கையால தொட்டிக்குள்ள அமுக்கிப் பிடிச்சு பத்து நிமிஷம் ஒவ்வொரு சீலையும் பாருங்க. ஒட்டி நிக்கிற குமிழிய விரலால துடைச்சு விட்டுட்டு, அதே இடத்துல மறுபடி குமிழி வருதான்னு பாக்கணும், வந்தா அதுதான் ஓட்டை.

இங்கயே இன்னொண்ணு. சிலிண்டர மூடும்போது டேங்க் காலியா இருக்கணும். பிஸ்டன் பின்னாடி இழுத்த நிலையில மூடினீங்கன்னா, அப்புறம் பிஸ்டன முன்னாடி தள்ளும்போது உள்ள வெற்றிடம் மாதிரி ஆகி நல்லா இருக்குற சீல் கூட தண்ணி இழுக்கும். மூடிய அமுக்கும்போதும் காத்து நெருங்கி மூடிய வெளிய தள்ளும், அதுக்கு ஒரு சின்ன வெண்ட் ஸ்க்ரூ வச்சு, மூடி உட்கார்ந்ததுக்கு அப்புறம் அதை இறுக்குங்க.

படி 5: தொட்டில ட்ரிம் பண்றது

இதுக்கு ஈயத் துண்டும் க்ளோஸ்டு செல் ஃபோமும் வேணும். சாதாரண ஸ்பாஞ்ச் வேணாம், தண்ணி குடிச்சு எடை ஏறிடும். சும்மா பிசுக்குன்னு அமுங்குற ஃபோமும் வேணாம், ஆழத்துல அழுத்தத்துல சுருங்கி மிதப்பு குறைஞ்சுடும்.

முதல்ல டேங்க் காலி. படக தண்ணில விட்டு ஒரு பக்கம் லேசா சாய்ச்சு ஆட்டி டெக்குக்கு அடியில மாட்டின காத்த எல்லாம் வெளியேத்துங்க. இப்ப டேப் ஒட்டின கோட்டுல மிதக்குற வரைக்கும் அடியில ஈயம் சேருங்க, குறைங்க. ஒரு பக்கம் சாஞ்சாலோ மூக்கு இறங்கினாலோ ஈயத்த நகத்தி சரி பண்ணுங்க. நம்ம படகு இந்த இடத்துல 3 கிலோ வந்துச்சு. ஈயத்த எப்பவும் தோட்டோட அடிவரையில, எவ்வளவு கீழ முடியுமோ அவ்வளவு கீழ, ஏன்னா முழுகினதுக்கு அப்புறம் படக நிமிர்த்திப் பிடிக்கிறது எடை மையத்துக்கும் மிதப்பு மையத்துக்கும் நடுவுல இருக்குற அந்த ஒரு செ.மீ. மட்டும்தான்.

அடுத்து டேங்க மெதுவா நிறைங்க, 260 மில்லி வரைக்கும். கோபுரத்தோட மேல் நுனி மட்டும் ஒரு விரல் அளவு தெரிஞ்சு நிக்கணும். அதுக்கு முன்னாடியே முழுசா மூழ்கி அடியில போய் உட்கார்ந்தா, ஃபோம் சேக்கணும், ஆனா வாட்டர்லைனுக்கு மேல, அதாவது மேல்தோட்டோட உள்பக்கம் ஒட்டணும். இதுதான் ட்ரிம் பண்றதுல இருக்குற ரகசியமே, கோட்டுக்கு மேல ஒட்டுற ஃபோம் மிதக்கும்போது காத்துல இருக்கு, அதனால மேல் ட்ரிம்ம துளி கூட மாத்தாது, முழுகும்போது மட்டும் வேலை செய்யும். கோட்டுக்கு கீழ ஒட்டினா ரெண்டும் மாறும், நீங்க முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். மாறா 311 மில்லி முழுசா நிறைச்சும் முழுகலைன்னா மேல அதிக கன அளவு நிக்குதுன்னு அர்த்தம், கோட்டுக்கு மேல இருக்குற ஃபோம எடுங்க, அப்பவும் முடியலைன்னா ஈயம் சேத்து வாட்டர்லைன கொஞ்சம் தாழ்த்தித்தான் ஆகணும்.

முழுகின நிலையில படக விரலால 30 டிகிரி சாய்ச்சு விடுங்க. சட்டுனு திரும்பி நேரா நிக்கணும். சாய்ச்ச இடத்துலயே யோசிச்சுக்கிட்டு நின்னா எடை மையம் மேல இருக்கு, ஈயத்த இன்னும் கீழயும் ஃபோம இன்னும் மேலயும் கொண்டு போங்க.

ஒரு தடவை முழுகுது அடுத்த தடவை முழுகலைன்னு வந்தா ஈயத்துல கை வைக்காதீங்க. 99 சதவீதம் டெக்குக்கு அடியில காத்துக் குமிழி மாட்டியிருக்கும். கோபுரத்தோட உச்சி, டெக்கோட ரெண்டு முனை, இந்த மூணு இடத்துலயும் 3 மி.மீ. ஓட்டை போட்டு விட்டா சரியாயிடும்.

படி 6: ஏன் ஒரே ஆழத்துல நிக்க மாட்டேங்குது

எல்லாம் சரியா பண்ணிட்டு, எடையும் மிதப்பும் மிகச்சரியா சமமா வச்சு படக நடுத் தண்ணில சும்மா நிக்க வைக்கப் பாப்பீங்க. நிக்காது. கொஞ்சம் கீழ போனா தண்ணி அழுத்தத்துல ஃபோம், மாட்டியிருக்குற சின்னக் குமிழி எல்லாம் சுருங்கும், மிதப்பு குறையும், அதனால இன்னும் கீழ போகும், இன்னும் சுருங்கும். மேல போனா இதோட தலைகீழ். குன்று உச்சில வச்ச கோலிக்குண்டு மாதிரி, எந்தப் பக்கம் நகந்தாலும் அந்தப் பக்கமே ஓடும். நிஜ சப்மரீன்லயும் இரும்புத் தோடு ஆழத்துல லேசா அமுங்கி எடை கூடின மாதிரி ஆகும், அதனாலதான் ட்ரிம் டேங்க்ல ஆள் உட்கார்ந்து பாத்துக்கிட்டே இருக்காங்க.

நமக்கு நல்ல வழி, 10 கிராம் அளவுக்கு மிதப்பு மிச்சம் வச்சு, கோபுரத்தோட நுனி தெரியிற மாதிரி நிறுத்தி, முன்னாடி ஓட்டி, பக்கவாட்டுல றெக்கை மாதிரி நீட்டி இருக்குற டைவ் ப்ளேன்ன சாய்ச்சு கீழ இறக்குறது. மோட்டார் நின்னா படகு தானா மேல வரும்.

தண்ணி மாறினா ட்ரிம்மும் மாறும். 20 டிகிரி குளிர்ந்த தண்ணில ட்ரிம் பண்ணது 30 டிகிரி சூட்டுல 8 கிராம் அளவுக்கு கனமாத் தெரியும், நம்ம 10 கிராம் மிச்சம் கிட்டத்தட்ட காலி, பிஸ்டன 3 மி.மீ. முன்னாடி தள்ளி வச்சா சரியாயிடும். கடல் தண்ணி அப்படி இல்லை, அது ரெண்டரை சதவீதம் அடர்த்தி ஜாஸ்தி, நம்ம படகுக்கு முழுக 75 கிராம் கூடுதலா வேணும், டேங்க்ல மிச்சம் இருக்குறது 51 மில்லிதான், அதனால கடலுக்குப் போனா தனியா 75 கிராம் ஈயம் கூட எடுத்துட்டுப் போங்க. உப்புத் தண்ணில ரேடியோ சிக்னலும் உடனே செத்துடும், ஆழமா ஓட்ட முடியாது.

படி 7: எது கெட்டா எப்படி மேல வரும்

பிஸ்டன் டேங்க்கோட பெரிய குறை இது: த்ரெட் ராட் கரண்ட் இல்லைன்னா அப்படியே பூட்டின மாதிரி நின்னுடும். பேட்டரி செத்தா பிஸ்டன் எங்க இருந்துச்சோ அங்கயே, படகும் அங்கயே. அதனால பேட்டரி முழுசா தீர்றதுக்கு முன்னாடியே வோல்டேஜ் குறைஞ்சா டேங்க தானா காலி பண்ற சர்க்யூட் வைங்க, ரேடியோ சிக்னல் 3 செகண்ட் போனாலும் அதே வேலைய செய்யணும். 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ தண்ணிக்குள்ள போகவே போகாது, 27, 40, 75 மெகாஹெர்ட்ஸ் மாதிரி பழைய அலைவரிசைதான் நல்ல தண்ணில சில மீட்டர் இறங்கும், உங்க நாட்டுல எது அனுமதியோ அதை எடுங்க.

சிலர் பிஸ்டனுக்கு பதிலா சின்ன கேஸ் கேன் வச்சு, அந்த அழுத்தத்துல தண்ணிய வெளிய தள்ளுவாங்க, நிஜ சப்மரீன் மாதிரியே. வேகமா மேல வரும், உண்மைதான். ஆனா ஆழம் கூடக் கூட ஒரே அளவு தண்ணிய தள்ள அதிக கேஸ் வேணும், நிஜ சப்மரீன்ல 100 மீட்டர் ஆழத்துல ஒரு கன மீட்டர் தண்ணிய தள்ளணும்னா மேல இருக்கும்போது 11 கன மீட்டர் இடம் பிடிக்கிற காத்து வேணும். அதோட வேகமா விரியிற காத்து குளிர்ந்துடும். 1963 ஏப்ரல் 10ஆம் தேதி அமெரிக்காவோட த்ரெஷர் சப்மரீன் ஆழ சோதனையில 129 பேரோட மூழ்கிச்சு, அது டேங்க்க ஊதி மேல வர முயற்சி பண்ணியும் முடியல. அப்புறம் அதே ரகத்தைச் சேந்த டினோசாங்கற சப்மரீன்ல கரையில கட்டி வச்சு சோதிச்சப்ப, காத்துல இருந்த ஈரம் குழாயில இருக்குற சல்லடையில பனிக்கட்டியா உறைஞ்சு காத்தையே அடைக்கிறது தெரிஞ்சுச்சு. நம்ம சின்ன வால்வுலயும் இதே உறைதல் நடக்கும், ரெண்டு மூணு தடவை தொடர்ந்து ஊதினா வால்வு மேல வெள்ளையா பனி படிஞ்சு பாதியில நிக்கிறத கண்ணால பாக்கலாம். கேஸ் வச்சுத்தான் ஆகணும்னா ஒவ்வொரு ஊதலுக்கும் நடுவுல வால்வு சூடாக நேரம் கொடுங்க.

கடைசியா, டேங்க பாதி நிறைச்சு ஓட்டலாமான்னு கேப்பாங்க. பிஸ்டன் டேங்க்ல தாராளமா ஓட்டலாம், ஏன்னா பிஸ்டன் தண்ணிய ஒட்டியே நிக்குது, உள்ள தண்ணி தளும்ப இடம் கிடையாது. பம்ப் வச்ச பெட்டி மாதிரி டேங்க்லயோ, மேல ஓடுற படகுகளோட பேலஸ்ட் டேங்க்லயோ இந்த சுதந்திரம் இல்லை, பாதி நிறைஞ்ச தண்ணி படகு சாயிற பக்கமே ஓடி இன்னும் சாய்க்கும், அதனாலதான் அதையெல்லாம் முழுசா நிறை இல்ல முழுசா காலி பண்ணுன்னு சொல்றாங்க. பெட்டி டேங்க்தான் வைக்கிறீங்கன்னா உள்ள நீளவாக்குலயும் குறுக்காவும் ஓட்டை போட்ட தடுப்புத் தகடு வைங்க, தளும்பி ஓடுற வேகமாவது குறையும், ஆனா பாதியில நிறுத்தி வைக்கிற பழக்கம் அப்பவும் வேணாம்.

முதல் தடவை திறந்த தண்ணில விடும்போது வால்ல ஒரு மெல்லிய நைலான் நூலும் நூலோட மறுமுனையில ஒரு சின்ன மிதவையும் கட்டி விடுங்க, நூல் நீளம் குளத்தோட ஆழத்த விட ஒண்ணரை மடங்கு. நான் இப்பவும் புது சீல் மாத்தின அன்னிக்கு அந்த நூல் இல்லாம இறக்குறது இல்லை.